வீட்டுத் தொழிலுக்கு விரிதாளில் கணக்கு: பதிவேடு அமைப்பும் மாத முடிவு வேலையும்

வீட்டிலிருந்தே தொழில் செய்பவர்களிடம் "மாதம் என்ன கிடைக்கிறது?" என்று கேட்டால் பெரும்பாலும் வங்கிக் கணக்கில் இருக்கும் தொகையைத்தான் சொல்வார்கள். அந்தத் தொகையில் போன மாதக் கடன் வசூல் கலந்திருக்கும். வீட்டு மளிகைக்கு எடுத்தது கழிந்திருக்கும். அலமாரியில் மூட்டையாக உட்கார்ந்திருக்கும் மிளகாய் அதில் தெரியவே தெரியாது. இருப்பு வேறு, லாபம் வேறு. இரண்டையும் பிரித்துக் காட்டுகிற அளவுக்கு ஒரு விரிதாள் போதும். மென்பொருள் வாங்க வேண்டியதில்லை.

உதாரணத்துக்குப் பொடி வியாபாரத்தை எடுத்துக்கொள்கிறேன். சாம்பார் பொடி, இட்லிப் பொடி, பருப்புப் பொடி ஆகியவற்றை வீட்டில் வறுத்து, மில்லில் அரைத்து, 250 கிராம் பாக்கெட் போட்டு விற்கிறார் ஒரு பெண். அக்கம்பக்கத்தில் ரொக்கத்துக்கும், தெரிந்தவர்களுக்குக் கூரியரிலும், மூன்று மளிகைக் கடைகளுக்குக் கடனுக்கும் கொடுக்கிறார். தையல், கேக், ஊதுபத்தி என்று எந்தத் தொழிலானாலும் தலைப்புகள் மாறுமே தவிர அமைப்பு மாறாது. கீழே உள்ள தொகைகள் எல்லாம் கணக்கை விளக்குவதற்காக நானே வைத்தவை.

முதலில் பணத்தைப் பிரியுங்கள்

தொழிலுக்கென்று ஒரு வங்கிக் கணக்கு வேண்டும். வாடிக்கையாளர் பணம் அனுப்பும் க்யூஆர் அட்டை அந்தக் கணக்கோடுதான் இணைந்திருக்க வேண்டும். ரொக்கத்துக்கு ஒரு தனி டப்பா; அதுதான் கல்லா. வீட்டுக்குப் பணம் தேவைப்பட்டால் தாராளமாக எடுக்கலாம், ஆனால் மொத்தமாக எடுத்து ஒரே வரியில் எழுத வேண்டும். கல்லாவிலிருந்து பால்காரருக்கு 40, பிள்ளைக்குப் பேனா வாங்க 20 என்று எடுக்க ஆரம்பித்தால் எந்த விரிதாளாலும் கணக்கைக் காப்பாற்ற முடியாது.

இரண்டுக்கும் பொதுவான செலவுகளில்தான் பலர் தடுமாறுவார்கள். தமிழ்நாட்டில் மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிறது. அதைக் கட்டும் மாதத்தில் முழுவதையும் தொழில் செலவில் ஏற்றினால் ஒரு மாதம் லாபம் குறைந்தும் அடுத்த மாதம் கூடியும் தெரியும். அதனால் தொழிலின் பங்கு மாதம் 250 ரூபாய் என்று நியாயமாக ஒன்றை முடிவு செய்து, மாதக் கடைசியில் தொழில் கணக்கிலிருந்து வீட்டுக் கணக்குக்கு அனுப்பிவிடலாம். முழு பில்லையும் வீடு கட்டிக்கொள்ளும்.

பதிவேடு

கூகுள் ஷீட்ஸில் ஒரு புதிய கோப்பைத் திறந்தவுடன், எதையும் தட்டச்சு செய்வதற்கு முன், `File > Settings` சென்று `Locale` என்ற இடத்தில் `India` என்று மாற்றுங்கள். இதைச் செய்யாவிட்டால் 05/06 என்று எழுதுவது மே 6 ஆகப் பதிவாகலாம். 13/06 என்பது தேதியாகவே ஏற்கப்படாமல் வெறும் எழுத்தாக நிற்கும். மாதக் கூட்டலில் அந்த வரி சத்தமில்லாமல் விடுபட்டுப்போகும்.

கோப்பில் நான்கு தாள்கள்: `பதிவு`, `பாக்கி`, `சரக்கு`, `மாதம்`. தினமும் தொடுவது முதல் தாளை மட்டுமே. அதன் முதல் சில வரிகள் இப்படி இருக்கும்:

| தேதி | விவரம் | தலைப்பு | வழி | வரவு | செலவு | பில் |
|---|---|---|---|---|---|---|
| 01-06-2025 | கல்லாவில் இருந்தது | தொடக்க இருப்பு | ரொக்கம் | 3200 | | |
| 01-06-2025 | கணக்கில் இருந்தது | தொடக்க இருப்பு | வங்கி | 14500 | | |
| 02-06-2025 | மிளகாய், மல்லி | மூலப்பொருள் | வங்கி | | 4180 | 31 |
| 03-06-2025 | சாம்பார் 4, பருப்பு 2 | விற்பனை | வங்கி | 760 | | |
| 04-06-2025 | அரவை மில் | அரவைக் கூலி | ரொக்கம் | | 380 | |
| 05-06-2025 | வங்கியில் கட்டியது | இடமாற்றம் | ரொக்கம் | | 2000 | |
| 05-06-2025 | வங்கியில் கட்டியது | இடமாற்றம் | வங்கி | 2000 | | |

பணம் நகர்ந்தால் ஒரு வரி. நகராவிட்டால் வரி கிடையாது. கடைக்குக் கடனுக்குச் சரக்கு கொடுத்த அன்று இந்தத் தாளில் எதுவும் எழுத வேண்டாம். பணம் வரும் அன்று "விற்பனை" என்று எழுதினால் போதும். கல்லாவிலிருந்து வங்கிக்குப் போவது மட்டும் இரண்டு வரிகள்: ஒரு பக்கம் செலவு, மறுபக்கம் வரவு. அது வருமானமும் இல்லை, செலவும் இல்லை என்பதால்தான் "இடமாற்றம்" என்று தனித் தலைப்பு.

தலைப்புகளைப் பன்னிரண்டு பதின்மூன்றுக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள். இந்தத் தொழிலுக்கு விற்பனை, மூலப்பொருள், பேக்கிங், அரவைக் கூலி, ஆள் கூலி, கூரியர், எரிவாயு-மின்சாரம், இதரச் செலவு ஆகியவை லாபக் கணக்கில் சேரும். தொடக்க இருப்பு, இடமாற்றம், முதல் போட்டது, வீட்டுக்கு எடுத்தது, சாதனம் ஆகியவை சேராது. சொந்தக் கையிலிருந்து தொழிலில் போடும் 5,000 ரூபாய் வருமானம் ஆகாது. தொழிலிலிருந்து வீட்டுக்கு எடுக்கும் 5,000 ரூபாய் செலவும் ஆகாது. இந்த இரண்டையும் பிரித்து எழுதினாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். மிக்ஸி, பாக்கெட் ஒட்டும் இயந்திரம் போன்றவை பல வருடங்கள் உழைப்பவை என்பதால், வாங்கிய மாதத்தின் லாபத்திலேயே முழுத் தொகையையும் கழிப்பது சரியல்ல. அவற்றுக்குத்தான் "சாதனம்".

தலைப்பையும் வழியையும் கையால் தட்டச்சு செய்ய விடாதீர்கள். "கூரியர்" என்று ஒருநாளும் "கொரியர்" என்று மறுநாளும் எழுதினால் விரிதாளுக்கு அவை இரண்டு வேறு தலைப்புகள். தலைப்புக் கட்டங்களைத் தேர்ந்தெடுத்து `Data > Data validation` வழியாகப் பட்டியலை இணைத்து, பட்டியலில் இல்லாததை நிராகரிக்கும் `Reject the input` என்பதையும் தேர்வு செய்யுங்கள். தொகைக் கட்டத்தில் எண் மட்டும்தான் இருக்க வேண்டும். "500/-" என்று எழுதினால் அது எண்ணாக இருக்காது, கூட்டலிலும் சேராது.

பில் எண் என்பது நீங்கள் போடும் தொடர் எண். கடை பில்லின் மூலையில் 31 என்று எழுதி, அந்த மாத உறையில் போட்டுவிடுங்கள். மில்லில் பில் தரமாட்டார்கள். ஒரு துண்டுச் சீட்டில் தேதி, கிலோ, தொகை எழுதி அதையும் உறையில் போடலாம்.

கூரியர் நிறுவனமோ விற்பனைத் தளமோ தன் பங்கைப் பிடித்துக்கொண்டு மீதியை அனுப்பினால், வந்த 930 ரூபாயை மட்டும் எழுதிவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. விற்பனை 1,000 வரவு, பிடித்தம் 70 செலவு என்று இரண்டு வரியாக எழுதினால் இருப்பு அதேதான்; ஆனால் வருட விற்பனை சரியாகத் தெரியும், பிடித்தம் எவ்வளவு தின்கிறது என்பதும் தெரியும்.

பாக்கித் தாள்

கடன் விற்பனைக்கு இந்தத் தாள். பில் தேதி, கடை, பில் எண், தொகை, இதுவரை வந்தது, மீதம், எத்தனை நாள் என்று ஏழு பத்திகள். கடைசி இரண்டும் சூத்திரங்கள்:

```
=D2-E2
=IF(F2>0,TODAY()-A2,"")
```

கடைக்காரர் 1,500 ரூபாய் பில்லுக்கு 1,000 கொடுத்தால் பதிவுத் தாளில் ஒரு வரி, இங்கே "வந்தது" பத்தியில் 1000. எந்த பில்லுக்குக் கொடுக்கிறார் என்று சொல்லாவிட்டால் பழைய பில்லில் கழியுங்கள். நாள் எண்ணிக்கை 45-ஐத் தாண்டிய கடைக்கு அடுத்த சரக்கு போகும்போது பழைய பணத்தையும் கேட்க வேண்டும். தாளைக் காட்டியே கேட்கலாம், முகம் கோணாது. நீங்கள் மொத்த வியாபாரிக்குக் கொடுக்க வேண்டிய பாக்கியையும் இதே தாளின் வலப்பக்கத்தில் இதே போல எழுதிக்கொள்ளலாம்.

மாதத் தாள்

`B1` கட்டத்தில் மாதத்தின் முதல் தேதி. `B2` கட்டத்தில் கடைசித் தேதி:

```
=EOMONTH(B1,0)
```

எண்ணாகத் தெரிந்தால் அந்தக் கட்டத்தைத் தேதி வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். `A6` முதல் கீழே தலைப்புகளை வரிசையாக எழுதுங்கள். பக்கத்தில் `B6`-இல் அந்தத் தலைப்பின் மாத வரவு:

```
=SUMIFS('பதிவு'!E:E,'பதிவு'!C:C,$A6,
 'பதிவு'!A:A,">="&$B$1,'பதிவு'!A:A,"<="&$B$2)
```

`C6`-இல் இதையே எழுதி, `E:E` என்பதை மட்டும் `F:F` என்று மாற்றினால் மாதச் செலவு. இரண்டு பத்தியும் வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. திரும்பி வந்த பாக்கெட்டுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் அது "விற்பனை" தலைப்பில் செலவாக வரும். நிகர விற்பனை தானாகவே குறைந்துவிடும்.

மாத முடிவில் கல்லாவில் இருக்க வேண்டிய தொகை இது:

```
=SUMIFS('பதிவு'!E:E,'பதிவு'!D:D,"ரொக்கம்",'பதிவு'!A:A,"<="&$B$2)
-SUMIFS('பதிவு'!F:F,'பதிவு'!D:D,"ரொக்கம்",'பதிவு'!A:A,"<="&$B$2)
```

"ரொக்கம்" என்ற இடத்தில் "வங்கி" என்று போட்டால் வங்கி இருப்பு. இன்னும் ஒரு காவல் சூத்திரம். இதன் விடை எப்போதும் 0 ஆக இருக்க வேண்டும். இல்லையென்றால் எங்கோ ஒரு தேதி எழுத்தாக நிற்கிறது என்று பொருள்:

```
=COUNTA('பதிவு'!A2:A)-COUNT('பதிவு'!A2:A)
```

மாத முடிவு: முதலில் இருப்பைச் சரிபார்த்தல்

மாதத்தின் கடைசி நாள் இரவு, கல்லாவை எண்ணுங்கள்; வங்கிச் செயலியில் இருப்பைப் பாருங்கள். தாளோடு ஒப்பிடுங்கள். இந்த ஒப்பீடு முடியாமல் லாபக் கணக்குப் பக்கமே போகக் கூடாது.

நம் உதாரணத்தில் ஜூன் 30 அன்று தாள் காட்டும் ரொக்கம் 2,290. டப்பாவில் இருப்பது 2,050. 240 ரூபாய் குறைகிறது. முதல் கேள்வி: 240 ரூபாய்க்கு ஏதாவது செலவு எழுதாமல் விடுபட்டதா? உறையிலும் நினைவிலும் அப்படி எதுவும் இல்லை. இரண்டாவது: பாதித் தொகையான 120-ஐத் தேடுங்கள். `Ctrl+F` போட்டுத் தேடினால், மில்லுக்குப் போன ஆட்டோ வாடகை 120 ரூபாய், செலவுப் பத்திக்குப் பதில் வரவுப் பத்தியில் உட்கார்ந்திருக்கிறது. கழிய வேண்டியது கூடியதால் வித்தியாசம் இரட்டிப்பாகிவிட்டது. இடம் மாற்றியதும் 2,050 சரியாக வருகிறது.

வங்கியில் தாள் 19,490 என்கிறது. செயலி 19,400 என்கிறது. வித்தியாசம் 90. இது 9-ஆல் வகுபடும் எண். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் வரும் வித்தியாசம் எப்போதும் 9-இன் மடங்காகத்தான் இருக்கும். அப்படித் தேடியதில் 540 ரூபாய் கூரியர் கட்டணம் 450 என்று பதிவாகியிருப்பது அகப்படுகிறது. இந்த மூன்று சோதனையிலும் பிடிபடாவிட்டால் வங்கி அறிக்கையைத் திறந்து ஒவ்வொரு வரியாக டிக் போடுவதைத் தவிர வழியில்லை. குறுஞ்செய்திக் கட்டணம், அட்டைக் கட்டணம் என்று வங்கி பிடித்த சிறு தொகைகள் அங்கேதான் தென்படும்.

கல்லாவில் பத்து இருபது ரூபாய் வித்தியாசம் கடைசிவரை தீராமல் நிற்கும். அதற்காக நள்ளிரவுவரை உட்கார வேண்டாம். "இதரச் செலவு – கல்லாக் குறைவு" என்று நேர்மையாக ஒரு வரி எழுதி முடியுங்கள். ஆனால் மாதாமாதம் நூறு இருநூறு என்று குறைந்தால் யாரோ எழுதாமல் எடுக்கிறார்கள். அது வீட்டுக்குள் பேசித் தீர்க்க வேண்டியது.

பிறகு சரக்கை எண்ணுதல்

மூலப்பொருளை வாங்கிய விலையிலும், தயார் பாக்கெட்டை அடக்க விலையிலும் எண்ண வேண்டும். விற்பனை விலையில் எண்ணினால் இன்னும் சம்பாதிக்காத லாபத்தைச் சம்பாதித்ததாக எழுதுவதாகிவிடும். சாம்பார் பொடி பாக்கெட்டுக்குப் பொருள் 62, பேக்கிங் 6, அரவை 4 என்றால் அடக்கம் 72. விலை 130 என்பது இங்கே பேச்சே இல்லை.

ஜூன் 30 அன்று சரக்குத் தாளில்: மிளகாய் 12 கிலோ, கிலோ 230 வீதம் 2,760, மல்லி 15 கிலோ, 120 வீதம் 1,800, பருப்பு வகைகள் 2,360, காலிப் பாக்கெட்டும் லேபிளும் 1,400, தயார் பாக்கெட் 40, 72 வீதம் 2,880. மொத்தம் 11,200. வண்டு விழுந்த பருப்பையும் பூஞ்சை பிடித்த பொடியையும் இதில் சேர்க்கக் கூடாது. அவை நஷ்டம், தானாகவே லாபத்தில் குறையட்டும்.

லாபம்

ஜூன் மாதத்தின் விற்பனை வரவு 40,000. லாபக் கணக்கில் சேரும் செலவுகள்: மூலப்பொருள் 16,800, பேக்கிங் 2,600, அரவை 1,900, ஆள் கூலி 3,000, கூரியர் 3,100, எரிவாயு-மின்சாரம் 1,400, இதரம் 450, மொத்தம் 29,250. இத்தோடு நிறுத்தினால் 10,750 லாபம் என்று வரும். அது தவறு. மாதத் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையே நகர்ந்த மூன்று விஷயங்களைச் சேர்க்க வேண்டும்.

| | ஜூன் 1 | ஜூன் 30 | மாற்றம் |
|---|---|---|---|
| கடைகளிடமிருந்து வர வேண்டியது | 4000 | 6500 | +2500 |
| சரக்கு இருப்பு | 9000 | 11200 | +2200 |
| நாம் தர வேண்டியது | 2500 | 1500 | −1000 |

வர வேண்டியது கூடியிருக்கிறது. அதாவது விற்றும் பணம் வராத 2,500 இருக்கிறது. லாபத்தில் கூட்டுங்கள். சரக்கு கூடியிருக்கிறது; வாங்கியதில் 2,200 இன்னும் தீரவில்லை, அது இந்த மாதச் செலவல்ல. அதையும் கூட்டுங்கள். தர வேண்டியது 1,000 குறைந்திருக்கிறது; போன மாதம் வாங்கியதற்கு இந்த மாதம் பணம் கொடுத்திருக்கிறோம். அதையும் கூட்ட வேண்டும். 10,750 + 2,500 + 2,200 + 1,000 = 16,450. ஜூன் மாத லாபம் இதுதான். மாற்றம் எதிர்த்திசையில் இருந்தால் கூட்டுவதற்குப் பதில் கழியுங்கள்.

சரிதானா என்று பார்க்க ஒரு வழி உண்டு. 16,450-இல் வீட்டுக்கு எடுத்தது 7,000. மீதி 9,450 எங்கே? ஜூன் 1 அன்று ரொக்கமும் வங்கியும் சேர்த்து 17,700, ஜூன் 30 அன்று 21,450, இங்கே 3,750. கடைகளிடம் 2,500, சரக்கில் 2,200, அடைத்த கடனில் 1,000. கூட்டினால் 9,450. லாபம் 16,450 இருந்தும் கையில் 3,750 மட்டுமே கூடியது ஏன் என்பதற்கு இந்த நான்கு எண்களே பதில். அந்த மாதம் முதல் போட்டதோ சாதனம் வாங்கியதோ இருந்தால் அவற்றையும் இந்தச் சோதனையில் சேர்க்க வேண்டும். இந்த லாபத்தில் உங்கள் சொந்த உழைப்புக்குக் கூலி கழிக்கப்படவில்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். விலை நிர்ணயிக்கும்போது அது முக்கியம்.

வர வேண்டியது, சரக்கு, தர வேண்டியது ஆகிய மூன்றையும் மாதத் தாளில் சூத்திரமாக இணைக்காமல் எண்ணாகவே தட்டச்சு செய்யுங்கள். பாக்கித் தாள் தினமும் மாறிக்கொண்டிருக்கும். இணைத்தால் ஜூலை 10 அன்று ஜூன் லாபமும் மாறிவிடும்.

வழக்கமாக ஒரு மாதம்

தினமும் படுக்கப் போகுமுன் அன்றைய வரிகள்; ஐந்து நிமிடம். ஞாயிறன்று பாக்கித் தாளைப் பார்த்து யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்று குறித்துக்கொள்வது. மாதக் கடைசியில் கல்லா, வங்கி, சரக்கு, லாபம் என்ற வரிசை. ஒரு மணி நேரம் போதும். அதன்பின் `மாதம்` தாளின் பெயரை `ஜூன்` என்று மாற்றி, வலச்சொடுக்கி `Duplicate` கொடுத்து, நகலில் `B1` தேதியை 01-07-2025 ஆக்கினால் ஜூலைத் தாள் தயார். மூடிய மாதத்தின் வரிகளில் தவறு தெரிந்தால் பழைய வரியைத் திருத்த வேண்டாம். இந்த மாதத் தேதியில் "ஜூன் திருத்தம்" என்று ஒரு வரி போடுங்கள். கடைசியாக `File > Download` வழியாக ஒரு நகலை இறக்கி வையுங்கள்.

கூரியரில் விற்பவர்கள் பதிவுத் தாளில் எட்டாவது பத்தியாக "மாநிலம்" சேர்த்துக்கொள்வது நல்லது. தமிழ்நாட்டில் பொருள் மட்டும் விற்பவர்களுக்கு ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டும்வரை பொதுவாக ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. ஆனால் வரிக்குட்பட்ட பொருளை வேறு மாநிலத்துக்கு விற்றால் இந்த வரம்பு பொதுவாகப் பொருந்தாது. பெங்களூருக்குப் போகும் பார்சல்களின் பட்டியலோடு ஒரு கணக்காளரைப் பார்த்துவிடுவது நல்லது.

நிதியாண்டு ஏப்ரல் 1-இல் தொடங்குவதால் மார்ச் 31 மாத முடிவு வேலை முடிந்ததும் புதிய கோப்பு தொடங்குங்கள். பழைய கோப்பின் கல்லா, வங்கி எண்கள் இரண்டும் "தொடக்க இருப்பு" வரிகளாக ஏப்ரல் 1 தேதியில் ஏறும். தீராத பில்கள் பாக்கித் தாளுக்குப் பழைய பில் தேதியுடனேயே நகரும். இல்லாவிட்டால் 60 நாள் பாக்கி புதிதாக 0-இலிருந்து எண்ணத் தொடங்கிவிடும்.